400 மீட்டர் ஓடினேன், வெளியே வரும் தேதியைத் தவறவிட்டேன்

முன்னாள் ஓட்டக்காரன்:
பிள்ளையை விளையாட்டில் விடலாமா என்று கேட்கிறவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன். நான் பிறந்தது 1994. பதினேழு வயதில் 400 மீட்டரை 49.1 வினாடியில் ஓடினேன், அதுவும் கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரம். இருபதில் 48.0. அந்த மூன்று வருடத்தில் ஒரு வினாடிக்கு மேல் குறைந்ததால் 46-க்கு வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். அடுத்த இரண்டு வருடமும் 47.9-லேயே நின்றது. 2019-ல் இந்திய வீரர் முகமது அனஸ் ஓடியது 45.21. இந்த இரண்டரை வினாடிக்கு மேலான வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கல்லூரியில் பி.காம் ரெகுலராகப் படித்தேன். 2015-16-ல் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் பதக்கம் கிடைத்தது. அப்போதே ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் போட்டிருக்கலாம். வேலைக்குப் போனால் ஓட்டம் போய்விடும் என்று போடவில்லை. 2017-ல் தொடைப் பின்தசை கிழிந்தது. வீட்டிலேயே ஒரு வருடம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு 2018 கடைசியில் விண்ணப்பம் போட்டேன். நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டும்தான் கணக்கு, அதாவது 1.4.2016-க்குப் பிறகு வாங்கியது. என் பதக்கம் சில மாத வித்தியாசத்தில் காலாவதி! வயது வரம்பு 25, எந்தப் பிரிவுக்கும் தளர்வு இல்லை. ஓட்டத்தை விட்ட பிறகு அதை வைத்து வேலை வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

ஒரு அம்மா, நாமக்கல்:
என் பையன் ஏழாவது படிக்கிறான், நன்றாக ஓடுவான். ஸ்பைக்ஸ் இப்போதே வாங்கலாமா தம்பி?

முன்னாள் ஓட்டக்காரன்:
ஏழாவதுக்கு அவசரமில்லை அக்கா. கால் வளர்ந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு ஒரு ஜோடி மாற்றவேண்டி வரும்.

வாலிபால் ஆட்டக்காரர்:
மாநிலப் போட்டியில் மூன்றாவது இடம் வந்தாலே ஃபார்ம் 2 கிடைக்குமே, அதை வைத்து எந்தக் கோட்டாவிலும் போகலாம். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

கோச், தஞ்சாவூர்:
தம்பி, பாதி சரி. ஃபார்ம் 2 என்பது மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவருக்கு மாநிலச் சங்கம் கொடுப்பது. மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியில் மூன்றாவது வந்து, மாநில அணியில் பெயர் வராவிட்டால் அது வெறும் சான்றிதழ்தான். பல்கலைக்கழக அணியில் ஆடினால் ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் ஃபார்ம் 4, இந்தியாவுக்காக ஆடினால் ஃபார்ம் 1. ஊர் ஊராக ஓபன் மீட்டில் ஓடி ரொக்கப் பரிசு வாங்கும் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். பை நிறைய கோப்பை இருக்கும், இந்த நாலில் ஒன்றுகூட இருக்காது. அப்புறம், பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று கல்லூரியை விட்டுத் தபால் வழியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக அணிக்கு ரெகுலர் மாணவராக இருக்கவேண்டும். ஃபார்ம் 3 அத்தோடு போச்சு.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. 19 வயதில் ஒரு தாளில் எழுதிக் கொடு: 21 முடிவதற்குள் எலக்ட்ரானிக் நேரத்தில் 47.5. கையில் எடுத்த நேரம் என்றால் அந்த நேரத்தோடு 0.14 கூட்டிப் பார். இரண்டு சீசன் குறையாவிட்டால் அந்த வருடமே கோட்டா டிரயலுக்குப் போகவேண்டும். சான்றிதழ் சூடாக இருக்கும், உடம்பும் டிரயலில் ஓடும் நிலையில் இருக்கும். நூறு மார்க்கில் நாற்பது டிரயலுக்குத்தான்.

சினிமாவில் இருப்பவன்:
உங்களுக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். நான் பன்னிரண்டு வருடமாக வாய்ப்புத் தேடுகிறேன். வளசரவாக்கத்தில் அறை வாடகையை டப்பிங் வேலையில் கட்டுகிறேன். நான் முன்னேறுகிறேனா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? ஆடிஷனுக்குக் கூப்பிடுவது கூடினால் நம்பிக்கை, குறைந்தால் "சீசன் டல்" என்று சமாதானம்.

கோச், தஞ்சாவூர்:
சினிமா எனக்குத் தெரியாது. ஆனால் அந்த டப்பிங் வருமானம் வருடா வருடம் கூடுகிறதா என்று பாருங்கள்.

வாலிபால் ஆட்டக்காரர்:
சரி, ஃபார்ம் விஷயத்தில் தப்பு என்னுடையது. ஆனாலும் 19 வயதிலேயே தாளில் எழுதி வைத்தால் பையன் முழு மனசோடு ஓடுவானா? எனக்கு வெறி வந்ததே வேறு வழி இல்லாததால்தான்.

கோச், தஞ்சாவூர்:
ராஜேஷ் ரமேஷ் தெற்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்துகொண்டுதான் 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் தொடர் ஓட்டத்தில் ஓடினார். 2:59.05, அன்றைக்கு அது ஆசியச் சாதனை. வேலை வந்தால் ஓட்டம் போகும் என்பது எல்லோருக்கும் உண்மையில்லை. ஆனால் வேலை கிடைத்ததும் காலை பயிற்சிக்கே வராமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். எது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

முன்னாள் ஓட்டக்காரன்:
எனக்கு அந்தத் தாளை யாராவது கொடுத்திருந்தால் 2016-லேயே போட்டிருப்பேனா? தெரியவில்லை. அப்போது என் கண்ணில் 46 மட்டும்தான் தெரிந்தது. இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். ஸ்பைக்ஸை அடுத்த தெருப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் 49.6 ஓடுகிறான்.