சனி-ஞாயிறு திருப்புதல் வகுப்புக்குச் சுவரொட்டி: வாசகத்தைச் சரிபார்த்துத் தாருங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குத் திருப்புதல் நடத்துகிறோம். ஒன்றரை மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள். பருவத் தலைப்புப் பட்டியலை அப்படியே ஒட்டினால் "ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல்" என்று பாடப் பெயர்தான் தெரியும். தனக்கு எது வராது என்று பிள்ளைக்குப் புரியாது. வரிசையும் மாறவேண்டும். புத்தகத்தில் சாய்வு முன்னால் வருகிறது, ஆனால் அது tan θ என்பதால் முக்கோணவியலை முதலில் வைத்திருக்கிறோம்.

வரைவு இது:

"சனி காலை: வடிவொத்த முக்கோணங்கள்.
சனி மாலை: கலங்கரை விளக்கத்திலிருந்து படகு எவ்வளவு தூரம்? ஏற்றக் கோணம், இறக்கக் கோணம்.
ஞாயிறு காலை: சாய்வு, நேர்க்கோட்டின் சமன்பாடு.
ஞாயிறு மாலை: கூம்பு, இடைக்கண்டம்.
அளவுகோல், கவராயம், பழைய விடைத்தாள் கொண்டு வரவும்."

சனி மாலைக்கு ஒரு கணக்கையும் அச்சிட நினைக்கிறோம்: உயரம் 30 மீ, இறக்கக் கோணம் 30°, படகின் தூரம் என்ன? விடை 30√3, சுமார் 52 மீ. கோணத்தைக் கிடைக்கோட்டிலிருந்து அளக்காமல் கோபுரத்திலிருந்து அளப்பவர்களுக்கு 17 மீ வரும். கோணம் 45°-க்குக் குறைவென்றால் தூரம் உயரத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கவேண்டும். அதை வைத்தே தவற்றைப் பிடிக்கலாம்.

கேட்பது இரண்டு. கணக்கோடு படமும் போட்டால் கோணம் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடுமே, படம் வேண்டுமா? இடைக்கண்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதுமா, அல்லது கூம்போடு நிறுத்தலாமா? பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.