புதுப்பிப்பு: பணியமர்த்துநருக்குத் திறக்காத மாதிரித் தொகுப்பு இணைப்பு

முன்பு கேட்டது: “டிரைவில் உள்ள என் வடிவமைப்பு மாதிரிகள் எனக்குத் திறக்கின்றன, பணியமர்த்துநரிடம் மட்டும் அனுமதி கேட்கிறதே, ஏன்?”

பதிலளித்தவர்களுக்கு நன்றி. மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்கச் சொன்ன காட்பாடி அண்ணனின் யோசனைதான் காரணத்தைக் காட்டியது. கணக்கில் நுழையாதபோது எனக்கும் அந்த மாதிரிகள் திறக்கவில்லை. Anyone with the link என மாற்றச் சொன்னதும் சரியே. ஆனால் எதிர்பாராத விதமாக, கல்லூரி கொடுத்த கணக்கில் வெளியாருடன் பகிர்வதை நிர்வாகி தடுத்திருந்ததால் அந்தத் தேர்வே தென்படவில்லை. கோப்புகளைத் தரவிறக்கி, சொந்த ஜிமெயில் கணக்கில் ஏற்றி, அதே தேர்வை Viewer அனுமதியுடன் கொடுத்த பிறகே பணியமர்த்துநரால் பார்க்க முடிந்தது.

ஆற்காட்டுத் தோழி தமக்குப் பலித்ததாகச் சொன்னபடி ஜிமெயிலில் பிடிஎஃப் கோப்பாகவே சேர்த்து அனுப்பப் பார்த்தபோது, எனக்கு அது 25 எம்பி வரம்பைத் தாண்டியதால் மீண்டும் டிரைவ் இணைப்பாகவே மாறியது. ஏற்கெனவே அனுப்பிய சுயவிவரங்களில் பழைய டிரைவ் இணைப்பே இருப்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.