ஓவிய ஆசிரியர் வேலை: பள்ளி முதல்வருக்கு எழுதிய மடல் சரியா?

வணக்கம். ஆறு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தேன். கல்வியாண்டின் நடுவில் வேலை தேடுகிறேன். முன்பு அனுப்பிய நீளமான மடல்களுக்குப் பதிலே வரவில்லை. நடுவில் இடம் காலியாவது பெரும்பாலும் யாராவது மகப்பேறு விடுப்பில் போகும்போதோ திடீரென விலகும்போதோதான். கால அட்டவணை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இந்த முறை இப்படிச் சுருக்கினேன்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆறு ஆண்டுகள் ஓவியம் கற்பித்திருக்கிறேன். தங்கள் பள்ளியில் இந்தக் கல்வியாண்டின் மீதி மாதங்களுக்கு ஓவிய ஆசிரியர் இடம் காலியாக உள்ளதா? விடுப்புக்கால இடமோ பகுதிநேரமோ ஆனாலும் சம்மதம். திங்கள் முதல் வெள்ளி வரை வரலாம், ஒரு வாரத்தில் சேர முடியும். முந்தைய ஆசிரியர் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடர்வேன். தாங்கள் சொல்லும் நாளில் மாதிரி வகுப்பு எடுக்கிறேன். தன்விவரம் இணைத்துள்ளேன்."

என் ஓவியங்களைவிட மாணவர்கள் வரைந்ததைக் காட்டுவதே மேல் என்று நினைக்கிறேன். கற்பிக்கத் தெரியுமா என்பது அதில்தான் தெரியும். எத்தனை படம் இணைக்கலாம்? சம்பளத்தை முதல் மடலிலேயே கேட்கலாமா? அப்புறம், பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து நினைவூட்டலாம்? பள்ளியில் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நாளைக்கே அனுப்பிவிடுவேன்.