ஏ0 போஸ்டர், மூன்று நிமிடம், மூன்று ஸ்லைடு: எதை விடுவது?

ஊற்று
தர்மபுரி மாவட்டக் கிணற்று நீரில் உள்ள ஃபுளூரைடு பற்றி ஏ0 அளவில் போஸ்டர் தயாராக இருக்கிறது. போஸ்டர் வைப்பவர்கள் மேடையிலும் மூன்று நிமிடம் பேச வேண்டும், மூன்று ஸ்லைடுக்கு மேல் கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். போஸ்டரில் ஒரு நிலவரைபடம், நீரில் கரைந்த உப்புகளின் விகிதத்தைக் காட்டும் பைப்பர் படம், நான்கு கிராஃப், ஓர் அட்டவணை இருக்கின்றன. எதை வைப்பது, எதை விடுவது?

ஓய்வுபெற்ற வாத்தியார்
இதில் குழம்ப என்ன இருக்கிறது அம்மா? முதல் ஸ்லைடில் தலைப்பும் நோக்கமும். இரண்டாவதில் மாதிரி எடுத்த இடங்களும் சோதனை முறையும். மூன்றாவதில் முடிவு. போஸ்டரிலும் அந்த வரிசைதானே? அதை மாற்றினால் நடுவர்கள் நம்ப மாட்டார்கள்.

கடைசி வரிசை
ஐயா, அந்த வரிசையில் போனால் முடிவுக்கு வரும்போது மணி அடித்துவிடும். இப்படிப்பட்ட அமர்வுகளில் நேரம் பார்க்கும் வேலையை நான் பலமுறை செய்திருக்கிறேன். இரண்டாவது நிமிடம் முடியும்போதும் மாதிரிப் புட்டிகளைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். பெயரையும் தலைப்பையும் அமர்வுத் தலைவர் வாசித்துவிடுவார். அதற்கு ஒரு ஸ்லைடு கொடுப்பது, இருக்கும் மூன்றில் ஒன்றைத் தானம் செய்வது.

போஸ்டர் முன்னால் நிற்பவர் வேண்டியதைப் படிப்பார், வேண்டாததைத் தாண்டிவிடுவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஊற்று, உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எதை விடுவது என்று அதன் பிறகு பேசலாம்.

ஊற்று
திறந்த கிணறுகளில் ஃபுளூரைடு பெரும்பாலும் குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறுகளில் ஆழம் கூடக்கூட ஃபுளூரைடும் கூடுகிறது. ஆனால் மூன்று கிணறுகள் ஒத்துவரவில்லை. நல்ல ஆழம், ஃபுளூரைடு குறைவு. குறுகிய நேரம்தானே, அந்த மூன்றையும் சொல்லாமல் விட்டுவிடலாமா?

மஞ்சள் பை
ஒரு திருத்தம். மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான் அனுமதி, அதிலும் அசைவு எதுவும் கூடாது. 2008இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய விதி அது. மாநாட்டாரிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கடைசி வரிசை
அது ஆய்வேட்டைப் பொதுமக்களுக்குச் சொல்லும் போட்டி, வேறு சமாசாரம். இங்கே கேட்பவர்கள் துறைக்காரர்கள், விதி மூன்று ஸ்லைடு. ஆனால் அசைவு வேண்டாம் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓர் அமர்வில் எல்லாருடைய ஸ்லைடுகளையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்துவிட்டார்கள். ஒரு மாணவர் ஐந்து கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி செய்திருந்தார். திரையில் ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு நின்றன. பாவம், அதை விளக்குவதிலேயே அரை நிமிடம் போயிற்று.

ஊற்று, அந்த மூன்று கிணறுகளை மறைக்காதீர்கள். உங்கள் பேச்சில் சுவையான இடமே அதுதான். அவற்றில் கால்சியம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஊற்று
பார்த்தேன். மூன்றிலும் கால்சியம் அதிகம். ஃபுளூரைடு மிகுந்த கிணறுகளில் கால்சியம் குறைவு, சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
இதைத்தான் பைப்பர் படம் காட்டுகிறது! கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும், நீரில் ஃபுளூரைடு ஓரளவுக்கு மேல் ஏறாது. காரணமே அந்தப் படத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆழத்தை மட்டும் காட்டினால் அரைகுறை வேதியியல்.

கடைசி வரிசை
காரணம் வேண்டும் என்பதில் ஐயா சொல்வது சரி. படம்தான் வேண்டாம். இரண்டு முக்கோணங்களும் ஒரு சாய்சதுரமும் கொண்ட பைப்பர் படத்தில் ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்கப் பழகியவருக்கே நேரம் பிடிக்கும். அதற்குப் பதில் ஆழம், ஃபுளூரைடு கிராஃபை மூல எண்களிலிருந்து புதிதாக வரையுங்கள். கால்சியம் குறைந்த கிணறுகள் நிரப்பிய வட்டம், மிகுந்தவை வெற்று வட்டம். 1.5இல் ஒரு கிடைக்கோடு. அந்த மூன்றும் வலது ஓரத்தில், கோட்டுக்குக் கீழே, வெற்று வட்டங்களாக நிற்கும். விரலால் காட்டினாலே போதும்.

இதுதான் இரண்டாவது ஸ்லைடு, இதற்குத் தொண்ணூறு விநாடி. சோதனை முறை இங்கேயே ஒரு வாக்கியமாக வரட்டும்: மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்தோம், ஃபுளூரைடு மின்முனையால் அளந்தோம். முதல் ஸ்லைடுக்கு நாற்பது விநாடி, மூன்றாவதற்கு நாற்பது. மீதிப் பத்து, மேடை ஏறி ஒலிவாங்கியைச் சரிசெய்ய.

மஞ்சள் பை
எதற்குப் புதிதாக வரைய வேண்டும்? போஸ்டரை அப்படியே மூன்றாக வெட்டி ஒட்டினால் ஆயிற்றே.

கடைசி வரிசை
செங்குத்தான ஏ0 தாளின் அகலம் 841 மில்லிமீட்டர், அதாவது 33 அங்குலம். உயரம் கிட்டத்தட்ட 47 அங்குலம். மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 33 அங்குல அகலம், 16 அங்குல உயரம். வழக்கமான அகல ஸ்லைடு 13.33 அங்குலம்தான். இரண்டரை மடங்கு சுருக்க வேண்டும். போஸ்டரில் 24 புள்ளியில் இருந்த எழுத்து பத்துப் புள்ளிக்கும் கீழே இறங்கும். என்னைப் போல் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு அது எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும்.

பென்னாகரத்தான்
நான் அந்தப் பக்கத்துக்காரன். என் அம்மாவின் பற்களில் பழுப்புக் கறை உண்டு. இப்போது நாங்கள் குடிப்பது ஒகேனக்கல் தண்ணீர். சோறு வடிப்பது மட்டும் இன்னும் போர் தண்ணீரில்தான், பழக்கம். அதில் சமைக்கலாமா கூடாதா? அதை முதலில் சொல்லுங்கள்.

ஊற்று
அண்ணா, உங்கள் கிணற்றை நான் சோதிக்கவில்லை, அதனால் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது. நீர் வற்றும்போது அதன் செறிவு கூடத்தான் செய்யும். மூன்றாவது ஸ்லைடில் என்ன வைப்பது என்று தெரியாமல் இருந்தேன், இந்தக் கேள்வியை வைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்
உன் ஆய்வு சமையலைப் பற்றியது அல்லவே? தரவு இல்லாததை மேடையில் தொடாதே அம்மா. மூன்றாவது ஸ்லைடில் முடிவும், ஆய்வின் எல்லையும், போஸ்டர் எண்ணும் இருந்தால் போதும்.

கடைசி வரிசை
நான் ஊற்று பக்கம். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனால் போஸ்டருக்கு யார் வருவார்கள்? திறந்த கேள்வி ஒன்றை விட்டுப் போக வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
அது விளம்பரம். மூன்று நிமிடமானாலும் கேட்டவன் ஒரு முழுமையான செய்தியோடு எழுந்திருக்க வேண்டும்.

ஊற்று
நேற்றிரவு கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தேன். முதல் ஸ்லைடில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கிணறுகள் மட்டும்: ஒன்று திறந்தது, 1.5க்குக் கீழே, மற்றொன்று ஆழ்துளை, 1.5க்கு மேலே. நிலவரைபடத்தை எடுத்துவிட்டேன், மாவட்டத்தின் பெயரை வாயால் சொன்னாலே போதுமாக இருக்கிறது. இரண்டாவதில் வட்டங்கள் கிராஃப். ஆனாலும் மூன்று நிமிடம் இருபது விநாடி வந்தது. பாறைகளின் பெயர்களை அடுக்கும் இடத்தில்தான் நேரம் போகிறது. "நீண்ட காலம் பாறையோடு கிடந்த நீர்" என்று மாற்றியதும் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டது, இரண்டு விநாடி மிச்சம்.

மூன்றாவதை இரண்டு விதமாகவும் செய்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் இரண்டையும் பேசிக் காட்டப் போகிறேன்.

கடைசி வரிசை
இரண்டு விநாடி போதாது. மேடையில் எப்படியும் மெதுவாகிவிடும். முதல் ஸ்லைடில் இன்னும் ஒரு வாக்கியத்தை எடுங்கள்.