சாம்ப்ளிங்: ஒலிக்கொய்வா, பதிவுக்கொய்வா?

வில்லாபுரம், ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவர்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு தம்பி எங்கள் கூடத்தில் ராப் பாட்டு செய்திருக்கிறான். பழைய இசைத்தட்டிலிருந்து நாலு விநாடி நாதஸ்வரத்தை வெட்டி, வேகத்தைக் குறைத்து, பாட்டு முழுக்கச் சுழல விட்டிருக்கிறான். வேகத்தோடு சுருதியும் இறங்கியதால் கேட்க வேறு வாத்தியம் போல இருக்கிறது. தட்டை வெளியிட்ட நிறுவனத்துக்குத் தமிழில் அனுமதிக் கடிதம் எழுத வேண்டும். இப்படி வெட்டி எடுப்பதைச் 'சாம்ப்ளிங்' என்கிறார்கள்; அதை 'மாதிரி எடுத்தல்' என்றால் ஆய்வுக்கூடச் சோதனை போலப் படுகிறது. நல்ல சொல் தாருங்கள்.

மேலூர், தமிழாசிரியர்:
'ஒலிக்கொய்வு' எனலாம். செடியை விட்டுப் பூவை மட்டும் எடுப்பதுதானே கொய்தல். ஆனால் நாலு விநாடிக்கு எதற்குக் கடிதம்? ஏழு விநாடி வரை தடையில்லை என்பார்களே.

அண்ணா நகர், வழக்கறிஞர்:
சொல் நன்றாக இருக்கிறது அய்யா. ஏழு விநாடிக் கணக்குதான் எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஃபங்கடெலிக் குழுவின் இரண்டு விநாடி கிட்டார் ஒலியைச் சுருதி இறக்கிச் சுழலவிட்ட வழக்கில், அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்று 2005இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மடோனாவின் 'வோக்' பாட்டில் வந்த 0.23 விநாடிக் குழலொலிக்கு 2016இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. அங்கேயே ஒத்த கருத்தில்லை.

நம் சட்டத்தில், ஒரு பதிவை உள்ளடக்கி வேறு பதிவு செய்யும் உரிமை பதிவின் உரிமையாளருக்கே என்று தெளிவாக இருக்கிறது. அது தவிர மெட்டின் உரிமை தனி. தம்பி எடுத்தது எந்த உருப்படி?

உசிலம்பட்டியிலிருந்து:
அண்ணே, நான் திருவிழாவில் உருமிச் சத்தத்தைப் போனில் பிடித்து எலக்ட்ரானிக் டிராக்கில் போட்டேன். எனக்கும் கடிதம் வேண்டுமா?

வழக்கறிஞர்:
அது நீங்களே செய்த பதிவு தம்பி. யாருடைய தட்டிலிருந்தும் எடுக்கவில்லை. ஆனால் வாசித்தவருக்குக் கலைஞர் உரிமை உண்டு, அவரிடம் எழுதி வாங்குங்கள்.

வில்லாபுரம்:
தியாகராஜர் கீர்த்தனை சார். தட்டு வெளியானது 1970.

வழக்கறிஞர்:
அப்படியானால் கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம், அவர் மறைந்தது 1847இல். தட்டுக்கு மட்டும் 2030 முடியும் வரை உரிமை இருக்கிறது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஒரு நாதஸ்வரக் கலைஞரை அழைத்து அதே வரியை உங்கள் கூடத்தில் வாசிக்க வைத்தால், அவர் சம்மதம் போதும். தட்டு நிறுவனத்திடம் போகவே தேவையில்லை.

வில்லாபுரம்:
அதைத் தம்பியிடம் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. ஊசியின் கரகரப்பும் அந்தக் காலத்து மைக்கின் ஒலியும்தான் அவனுக்கு வேண்டும். புதிதாக வாசித்தால் மெட்டு வரும், அந்த ஒலி வராது.

வழக்கறிஞர்:
அப்படியானால் பதிவிலிருந்தே எடுத்தது என்பது சொல்லிலேயே தெரியட்டும். 'பதிவுக்கொய்வு' என்று வைப்போம்.

தமிழாசிரியர்:
கடிதத்துக்குச் சரி. பாட்டு செய்கிற பிள்ளைகள் வாயில் 'கொய்வு' மட்டும்தான் நிற்கும். திரும்ப வாசிப்பதற்கு வேறு சொல் வேண்டும். 'மீள்வாசிப்பு' இலக்கியக்காரர்கள் எடுத்துக்கொண்டது.

வில்லாபுரம்:
கடிதத்தில் 'பதிவுக்கொய்வு' போடுகிறேன். தட்டின் எண், எடுத்த நாலு விநாடி எங்கே தொடங்குகிறது, பாட்டில் எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்க்கிறேன். மற்ற சொல்லுக்கு யோசனை இருந்தால் எழுதுங்கள்.