காரணமே தெரியாத நேரத்தில் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

வைகறை (கேள்வி):
எங்களுடையது கடைகளுக்கான பில்லிங் மென்பொருள், சர்வரில் ஓடுவது. சேவை நின்றால் முதல் அறிவிப்பிலேயே காரணம், சரியாகும் நேரம், அடுத்த தகவல் எப்போது என்ற மூன்றும் இருக்கணும்னு மேலாளர் சொல்றார். முதல் 15 நிமிஷத்துல எங்களுக்கே காரணம் தெரியாது. நேரம் சொல்லித் தவறிட்டா கூடுதல் திட்டு. அனுபவம் உள்ளவங்க எப்படி எழுதுறீங்க?

இரவுக்காவல்:
நேரமே சொல்லாதீங்க. இரண்டு மணிக்குச் சரியாகும்னு எழுதினா, 2:01-க்கு எல்லா போனும் அடிக்கும். "பணி நடைபெறுகிறது, சரியானதும் தெரிவிப்போம்", அவ்வளவுதான். வேலை செய்யுறவங்களை நிம்மதியா விடணும். காரணத்தை எல்லாம் பிறகு சாவகாசமா எழுதிக்கலாம்.

பழைய டிபிஏ:
இரவுக்காவல் சொல்றதுல பாதி சரி. தெரியாத நேரத்தை ஊகிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா "சரியானதும் தெரிவிப்போம்"னு விட்டா, கடைக்காரர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் உள்ளே நுழைஞ்சு பார்ப்பார், பிறகு போன் பண்ணுவார். நிம்மதி கெடுறது அங்கதான்.

வைகறை, மேலாளர் கேட்கிற மூணுல இரண்டு தெரியாம இருக்கலாம். மூணாவது எப்பவும் உங்க கையில இருக்கு. அடுத்த தகவல் எப்போதுங்கிறது பழுதைப் பொறுத்தது இல்ல, கடிகாரத்தைப் பொறுத்தது. அதை மட்டும் தவறவே கூடாது.

10:05-க்கு நின்றது, 10:17-க்கு முதல் அறிவிப்புன்னு வைங்க:

> காலை 10:05 முதல் புதிய பில் போடவும் பழைய பில்களைப் பார்க்கவும் முடியவில்லை. கார்டு இயந்திரங்கள் வேலை செய்கின்றன. ஆனால் அதில் வாங்கும் தொகை பில்லிங்கில் பதிவாகாது. தரவுத்தள சர்வர் பதில் தரவில்லை. ஏன் என்று இன்னும் கண்டறியவில்லை. எப்போது சரியாகும் என்று இப்போது சொல்ல இயலாது. அதுவரை ரசீதைக் கையால் எழுதிக் கொடுங்கள். ஒரே பில்லைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். அடுத்த தகவல் 10:45-க்கு, நிலைமை மாறாவிட்டாலும் வரும்.

இதுல எது வேலை செய்யுது, எது செய்யலைன்னு பிரிச்சுச் சொன்ன வரிதான் கடைக்காரருக்கு முதல்ல உதவும். கடைசி வரியில "நிலைமை மாறாவிட்டாலும்" ரொம்ப முக்கியம். 10:45-க்குப் புதுசா எதுவும் இல்லைன்னா, "இன்னும் தெரியவில்லை, இதுவரை நெட்வொர்க்கைச் சோதித்து விலக்கிவிட்டோம், அடுத்தது 11:15" னு ஒரு வரி போடுங்க. ஒண்ணை விலக்கினதும் தகவல்தான்.

ஒப்பந்தப்புலி:
"தரவுத்தள சர்வர்"னு எழுத்துல ஒத்துக்கிட்டா நஷ்டஈடு கேட்டு வரும்போது அது சாட்சியாகும். "தொழில்நுட்பக் கோளாறு" போதாதா?

பழைய டிபிஏ:
பெரும்பாலான சேவை ஒப்பந்தங்கள்ல கழிவு கணக்கிடுறது எத்தனை நிமிஷம் நின்றதுங்கிறதை வெச்சு. என்ன சொல்லு போட்டீங்கன்னு பார்த்து இல்ல. உங்க ஒப்பந்தம் வேற மாதிரி இருந்தா வக்கீல்கிட்ட முன்கூட்டியே வாசகத்தைக் காட்டி வெச்சுக்கங்க. பழுதான நேரத்துல காட்டிட்டு நிக்காதீங்க.

காரணத்துக்கு மூணு படி உண்டு. என்ன தெரியுது, எந்தப் பாகம், ஏன் நடந்தது. முதல் படி உடனே சொல்லலாம். இரண்டாவது, அதைக் கண்ணால பார்த்த பிறகு. மூணாவது, உறுதியான பிறகுதான். வம்பு வர்றது மூணாவதை அவசரத்துல சொல்லும்போது. "இணையத் தாக்குதலாக இருக்கலாம்"னு போட்டுட்டு, பிறகு நம்ம அமைப்புக் கோப்புல இருந்த பிழைன்னு மாத்தினா, அதுக்கப்புறம் சொல்றது எதையும் நம்ப மாட்டாங்க.

இரவுக்காவல்:
எல்லாம் சரி, ஆனா வேலை பார்க்குற ஆளே எழுதணும்னா வேலை எப்ப நடக்கும்?

மேசை எண் 4:
அவர் எழுத மாட்டார். எழுத ஒருத்தர் தனியா இருக்கணும், அவர் கட்டளை எதுவும் அடிக்கக் கூடாது. அறிவிப்புக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வேலை செய்யுறவர்கிட்ட மூணே கேள்வி: போன தடவைக்கு அப்புறம் என்ன தெரிஞ்சது, இப்ப எந்தப் படியில இருக்கீங்க, அந்தப் படி எப்ப முடியும். "எல்லாம் எப்ப சரியாகும்"னு கேட்டா யார்கிட்டயும் பதில் கிடையாது. "இந்தப் படி எப்ப முடியும்"னு கேட்டா கிடைக்கும்.

இணைப்பகம்:
எங்க பக்கம் கணக்கே வேற. ஃபைபர் அறுந்தா என்ன நேரம் சொல்றது? ஓடிடிஆர் வெச்சா எத்தனை மீட்டர்ல அறுந்திருக்குன்னு வந்துடும், ஆனா குழியைத் தோண்டிப் பார்க்குற வரைக்கும் எதுவும் நிச்சயமில்ல. வாடிக்கையாளருக்கோ ரெண்டு மணி நேரம்னு ஒரு எண் வேணும்.

மேசை எண் 4:
கணக்கு வேற இல்லை, அதேதான். ஆள் இடத்துக்குப் போய்ச் சேர்ற வரை சேரும் நேரத்தை மட்டும் சொல்லுங்க. குழியைத் திறந்த பிறகு எண்ணலாம். 48 இழை, சீவி, ஒட்டி, ஸ்லீவைச் சூடாக்கி முடிக்க ஒண்ணுக்கு 4 நிமிஷம்னா 192 நிமிஷம். ஆனா கேபிள் இழுபட்டுப் புதுத்துண்டு நடுவுல போடணும்னா ரெண்டு முனையிலயும் ஒட்டணும், ஒரே குழுதான் இருக்குன்னா நேரம் இரட்டிப்பு. "ரெண்டு மணி நேரம்"னு சொல்லிப் பெயர் கெடுறது இந்த ரெண்டாவது முனையை மறந்துபோய்தான். அப்புறம், இழைகள் ஒண்ணொண்ணா உயிர் பெறும். எல்லாருக்கும் ஒரே நேரம் சொல்லணும்னு இல்ல.

சுட்டிப்பெட்டி:
இதுக்கெல்லாம் நல்ல நிலைப்பக்க மென்பொருள் நிறைய இருக்கே, ஒண்ணை உங்க சர்வர்லயே நிறுவிக்கங்க, வேலை முடிஞ்சது.

பழைய டிபிஏ:
கேள்வி மென்பொருளைப் பத்தி இல்லைங்க. ஆனா "உங்க சர்வர்லயே" வேண்டவே வேண்டாம். 2017 பிப்ரவரி 28 அன்னைக்கு அமேசானின் எஸ்3 முடங்கியபோது, அவங்க நிலைப்பக்கமே எஸ்3-ஐ நம்பி இருந்ததால தொடக்கத்துல அதை மாத்த முடியல. பச்சை விளக்கு பச்சையாவே நின்னுச்சு. தொடர்பு எண்களும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் அட்லாசியனில் ஒரு ஸ்கிரிப்ட் 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்தது. அதோட அவங்க தொடர்பு விவரமும் போச்சு. யாருக்கு எழுதுறதுன்னே முதல்ல தெரியல. மீட்டு முடிக்க இரண்டு வாரம் வரை ஆச்சு. வாடிக்கையாளர் பட்டியல் வெளியில ஒரு இடத்துல இருக்கட்டும்.

வைகறை:
நன்றிங்க. சரி, காரணம் தெரிஞ்சிடுச்சு: வட்டு போச்சு, மாற்று சர்வரும் ஒத்திசைவு விட்டுக் கிடக்கு, இரவு 2 மணி பேக்கப்பிலிருந்து மீட்கணும். இப்ப நேரம் சொல்லலாமா? தரவுத்தளம் 420 ஜிபி, போஸ்ட்கிரெஸ்.

பழைய டிபிஏ:
இப்ப சொல்லலாம், ஏன்னா அளக்க முடியுது. பிரிச்சுக் கணக்குப் போடுங்க. 11:15-க்கு நகலெடுக்க ஆரம்பிச்சீங்க. வினாடிக்கு 60 எம்பி வேகம் பார்த்திருக்கீங்கன்னா 420 ஜிபிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அதாவது 1:15. அதுக்கு மேல, 2 மணிக்கு அப்புறம் சேர்ந்த லாக் கோப்புகளைத் திரும்ப ஓட்டணும். கோப்பு ஒண்ணு வழக்கமா 16 எம்பி. 3,600 கோப்பு, வினாடிக்கு இரண்டு ஓடுதுன்னா அரை மணி. பிறகு கடைகளைத் திறக்குறதுக்கு முன்னாடி சோதனை, முக்கால் மணி வரை. எல்லாம் நல்லா நடந்தா 2:30. ஆனா அதை எழுதாதீங்க. "பிற்பகல் 2:30 முதல் 3:30-க்குள்"னு எழுதி, எதை வெச்சுச் சொல்றீங்கன்னும் ஒரு வரி போடுங்க: "பேக்கப்பை நகலெடுக்கிறோம், 1:15-க்கு முடியும் என்று எதிர்பார்க்கிறோம்."

இனிமேதான் பலரும் கோட்டை விடுறது. 12:15-க்கு எவ்வளவு வந்திருக்குன்னு பாருங்க. 216 ஜிபி இருக்கணும். 130 தான் இருக்குன்னா வேகம் 36 எம்பிக்கு இறங்கியிருக்கு. அதே கம்பியில வேற எதுவோ ஓடுது, இல்ல வட்டு தாங்கல. மீதி 290 ஜிபிக்கு இன்னும் இரண்டே கால் மணி. நகல் முடியவே 2:29 ஆயிடும். லாக், சோதனை சேர்த்தா 3:45. ஆக, முதல்ல சொன்ன 3:30 தப்பிடுச்சுன்னு 12:15-க்கே தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிஷமே எழுதணும்: "நகலெடுக்கும் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. புதிய மதிப்பீடு மாலை 3:45 முதல் 5:00." மூணேகால் மணி முன்னாடி சொன்னா கடைக்காரர் ரசீதுப் புத்தகம் வாங்கி வெச்சுக்குவார். 3:29-க்குச் சொன்னா திட்டுதான்.

லாக் ஓடும்போது மீட்பு எந்த நேரத்துத் தரவு வரை வந்திருக்குன்னு பார்க்க:

```
SELECT pg_last_xact_replay_timestamp();
```

மீட்பின் தொடக்கத்துல சர்வர் இணைப்பை ஏற்காது. அதுவரை சர்வர் லாக்ல எந்தக் கோப்பு ஓடிட்டு இருக்குன்னு பார்த்து, மீதியை எண்ணுங்க.

இரவுக்காவல்:
அதாவது நேரம் மாத்திக்கிட்டே இருக்கலாம்னு சொல்றீங்க. மூணு தடவை மாத்தினா நாலாவதை யார் நம்புவா?

மேசை எண் 4:
அதுவும் நியாயம். ஒரே மாதிரி 30, 30 நிமிஷமாத் தள்ளினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. என்ன அளவு மாறியதுன்னு சொல்லி ஒருமுறை பெருசா மாத்துறது வேற. ரெண்டாவது முறையும் தவறினா நேரத்தை எடுத்துடுங்க, எந்தப் படின்னு மட்டும் சொல்லுங்க.

வைகறை:
இன்னொண்ணு. லாக் கோப்புகள் 9:50 வரைதான் பத்திரமா இருக்கு. 9:50-லிருந்து 10:05 வரை போட்ட பில்கள் போயிருக்கலாம். அதை இப்பவே சொல்லணுமா?

ஒப்பந்தப்புலி:
"போயிருக்கலாம்"னு சொல்லி, பிறகு கிடைச்சிடுச்சுன்னா வீண் பீதி. செத்த வட்டிலிருந்து எடுக்க வழி இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க.

பழைய டிபிஏ:
இப்பவே சொல்லணும்னுதான் நான் சொல்வேன். கடைக்காரர் கையில அந்த 15 நிமிஷத்து அச்சு ரசீது, கார்டுச் சீட்டு எல்லாம் இன்னைக்கு இருக்கு, நாளைக்குக் குப்பையில போயிடும். "9:50 முதல் 10:05 வரையான பில்கள் கிடைக்குமா என்று உறுதியில்லை. அந்த நேரத்து ரசீதுகளை எடுத்துவையுங்கள். நாங்கள் சொல்லும் வரை மறுபடி பதிவு செய்ய வேண்டாம்." இந்தக் கடைசிப் பகுதி இல்லைன்னா, பிறகு தரவு கிடைச்சதும் எல்லாம் இரண்டு இரண்டா நிக்கும். கிட்லாப் 2017 ஜனவரி 31-ல தப்பான சர்வர்ல தரவை அழிச்சப்ப, சுமார் ஆறு மணி நேரத் தரவு போகும்னு மீட்பு நடந்துக்கிட்டு இருக்கும்போதே பொதுவில எழுதினாங்க.

ஒப்பந்தப்புலி:
அவங்க பயனர்கள் நிரல் எழுதுறவங்க, புரிஞ்சுக்குவாங்க. கடைக்காரர் "பணம் போச்சு"ன்னு படிப்பார். கார்டுத் தொகை வங்கியில பத்திரமா இருக்குன்னு அதே அறிவிப்புல முதல் வரியில போடாம இதை அனுப்ப நான் விட மாட்டேன்.

பழைய டிபிஏ:
முதல் வரியில போடுங்க, அதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி வங்கிப் பக்கத்துல யாராவது பார்த்து உறுதிப்படுத்தணும்.

வைகறை:
கார்டுக்குச் சரி. அந்த 15 நிமிஷத்துல ரொக்கமா வாங்கினவங்களுக்கு?