பிளீச் செய்த முடி நடுவில் ஒடிகிறது: மீட்க வழி உண்டா?

அம்மாபேட்டைக்காரி

சேலத்தில் வீடு, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. கடந்த டிசம்பர் நடுவில் அழகு நிலையம் ஒன்றில் முடி முழுவதையும் பிளீச் செய்து தேன் நிறமாக்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரல் கடைசியில் வேரோரம் கறுப்பு தெரியவே, பிளீச் தூளும் 40 வால்யூம் டெவலப்பரும் வாங்கிவந்து தோழியை வீட்டில் பூசிவிடச் சொன்னேன். கலவை மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று அதைச் சீப்பால் கீழே வரை இழுத்துவிட்டோம். 45 நிமிடம் வைத்திருந்து அலசியபோது முடி வெந்த சேமியாவைப் போல நீண்டது.

இப்போது ஜூன் முடிகிறது. தலையணையிலும் தோளிலும் துண்டு துண்டாக முடி. உச்சியில் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கின்றன. இரண்டு வாரமாகத் தினமும் முட்டையும் கெரட்டின் மாஸ்க்கும் போடுகிறேன். இப்போது முடி விளக்குமாற்றுக் குச்சியாக விறைத்திருக்கிறது. ஆவணியில் தங்கையின் திருமணம். அதற்குள் கறுப்புச் சாயம் பூசி மறைத்துவிடலாமா?

நாகலூர் காப்பித் தோட்டம்

எனக்கும் இதே துன்பம் வந்தது. டைபாய்டுக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஐந்தாறு மாதத்தில் அடர்த்தி திரும்பியது. நீங்களும் முதலில் இரத்தத்தைப் பாருங்கள்.

கன்னங்குறிச்சி ரவி

பிளீச் முடியின் புரதத்தை அரித்துவிடும். முடி என்பதே கெரட்டின்தான், போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முட்டையை நிறுத்தாதீர்கள், அளவைக் கூட்டுங்கள். என் மனைவி அப்படித்தான் செய்தாள்.

ஐந்து ரோடு அக்கா

பதினேழு வருடமாகச் சாயமும் பிளீச்சும்தான் என் தொழில். தங்கையே, மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். விழும் முடியின் ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி போல வேர் இருக்கிறதா? உச்சியில் ஒடிந்து நிற்கும் குட்டை முடி எத்தனை சென்டிமீட்டர்? கடைசியாக, தேன் நிறப் பகுதியிலிருந்து விழுந்த முடி ஒன்றை நனைத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். உங்கள் முடி என்ன செய்கிறது?

அம்மாபேட்டைக்காரி

வேர் எதிலும் இல்லை, இரு பக்கமும் ஒடிந்த முனைதான். குட்டை முடி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். நனைத்து இழுத்தால் சில முடி நீண்டுகொண்டே போய் அறுகிறது; சில நீளாமலேயே பட்டென்று ஒடிகிறது.

ஐந்து ரோடு அக்கா

அப்படியானால் இது கொட்டுவதல்ல, ஒடிவது. நாகலூர் நண்பருக்கு நடந்தது வேருக்கு வந்த நோய். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அந்த 7 சென்டிமீட்டர்தான் சாட்சி. முடி மாதம் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை நாலரை மாதம், ஐந்து சென்டிமீட்டர் கறுப்பு வளர்ந்திருக்கும். அதற்குப் பின் இரண்டு மாதம், இன்னும் இரண்டு. இரண்டையும் கூட்டினால் ஏழு. புது முடி முடிந்து, ஏற்கெனவே வெளுத்த முடி தொடங்கும் அதே கோட்டில்தான் ஒடிகிறது.

காரணம் இது. முடியின் நிறம் உள்ளே இருக்கிறது. பிளீச் கலவையின் காரத்தன்மை மேலே உள்ள செதில்களைத் தூக்கிவிடும். டெவலப்பரில் இருக்கும் பெராக்சைடு உள்ளே போய் நிறத்தைச் சிதைக்கும். ஆனால் அது நிறத்தோடு நிற்பதில்லை. கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பாலங்களையும் உடைக்கிறது. ஒரே இடத்தில் இரண்டாவது முறை பூசும்போது அங்கே சிதைக்க நிறம் அதிகம் மிச்சமில்லை. அடி முழுவதும் பாலங்களின் மேல் விழுகிறது. 40 வால்யூம் என்றால் 12 சதவீத பெராக்சைடு. வேரோர முடிக்கு நான் 20 வால்யூமைத் தாண்டுவதில்லை. பழைய கோட்டுக்கு முன்பே தூரிகையை நிறுத்திவிடுவேன்.

முதல் பிளீச்சிலேயே முடியின் மேலிருந்த மெல்லிய கொழுப்புப் படலமும் போய்விட்டது. அதனால் முடி தண்ணீரைக் குடித்து ஊதுகிறது; ஈரத்தில் இருக்கும்போதுதான் மிகவும் பலவீனம்.

முட்டையை இன்றே நிறுத்துங்கள். ரவி சார் சொன்னதில் பாதி சரி, போனது புரதத்தின் பிடிதான். ஆனால் முட்டைப் புரதம் உள்ளே நுழைய முடியாத அளவு பெரியது. கெரட்டின் மாஸ்க்கில் இருப்பது துண்டாக்கப்பட்ட புரதம். அளவோடு போட்டால் பிடிமானம் தரும், தினமும் போட்டால் விறைப்பாகும். உங்கள் முடியில் சில இழை நீளாமல் ஒடிவது அதனால்தான் என்று நினைக்கிறேன். நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

ஏற்காட்டுக்கு எதில் போகிறீர்கள்? தலை எப்போது குளிக்கிறீர்கள்?

அம்மாபேட்டைக்காரி

அதிகாலை ஐந்து மணிக்குத் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவும் ஜன்னலோரக் காற்றில்தான். வீட்டில் போர்வெல் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படியும்.

ஐந்து ரோடு அக்கா

ஊதிய முடியை ரப்பரால் இறுக்குவதும் காற்றில் சிக்காக விடுவதும் இரண்டாவது கத்தி. இரவே குளித்துக் காயவிடுங்கள். வாரம் இரண்டு முறை போதும். குளிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நடு முடியிலிருந்து நுனி வரை தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் புகுந்து, அலசும்போது புரதம் கழிவதைக் குறைக்கும். ஷாம்பு தலையின் தோலுக்கு மட்டும். கண்டிஷனர் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே போங்கள். பஸ்ஸில் தளர்ந்த பின்னலும் வழவழப்பான துணியும். ஹேர் டிரையர், ஸ்ட்ரெயிட்னர் வேண்டாம். போர்வெல் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும். கடைசி இரண்டு குவளை மட்டும் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் ஊற்றுங்கள்.

உடைந்த பாலங்களை ஒட்டும் என்று சொல்லி, பாண்ட் பில்டர் என்ற பெயரில் விற்பதை வாரம் ஒரு முறை போடலாம். என் வாடிக்கையாளர் சிலருக்கு ஒடிவது குறைந்திருக்கிறது, சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. எதுவானாலும் அது தாங்குகோல்தான். முழுதாய் அறுந்த பாலம் திரும்பாது. வலுவான முடி வேரிலிருந்துதான் வரும்.

மரவனேரி அம்மா

கண்ணு, சாயம் எதற்கு? மருதாணி அரைத்துப் பூசு. குளிர்ச்சி, முடியும் தடிக்கும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதுதான்.

ஐந்து ரோடு அக்கா

அம்மா, சுத்தமான மருதாணி முடிக்குத் தீங்கு செய்யாது, உண்மைதான். வெளுத்த முடியில் மட்டும் அது பளிச்சென்று ஆரஞ்சாகப் பிடிக்கும், எடுக்கவும் முடியாது. கடையில் விற்கும் கறுப்பு மருதாணிப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், பிறகு எப்போதாவது பெராக்சைடு பட்டால் முடி சூடேறிக் கருகும்.

தங்கையே, டெவலப்பர் கலக்கத் தேவையில்லாத சாயமாக எடுங்கள். நேரே அடர் பழுப்பைப் பூசினால் வெளுத்த முடி பச்சை கலந்து தெரியும். முதலில் செம்பு நிறம், அதன்மேல் பழுப்பு. கழுவக் கழுவ மங்கும், ஆகையால் திருமணத்துக்கு மூன்று நாள் முன்பு பூசுங்கள். ஒரு கற்றையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

அம்மாபேட்டைக்காரி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நுனியில் நான்கு விரல் வெட்டிக்கொண்டேன். விறைப்பு போய்விட்டது. தலையணையில் விழும் துண்டுகள் நன்றாகக் குறைந்துவிட்டன. சோதனைக் கற்றை பழுப்பாகவே வந்தது, பச்சை இல்லை. ஆனால் பின்கழுத்துக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் இன்னும் ஒடிகிறது. ரப்பர் பேண்டை விட்டு ஒரு மாதம் ஆகிறது.

ஐந்து ரோடு அக்கா

வீட்டில் பூசும்போது தோழி பின்பக்கத்தில் தொடங்கினாளா? அங்கே கலவை இன்னும் அதிக நேரம் இருந்திருக்கலாம். அல்லது தலையணையில் உரசும் இடமாகவும் இருக்கலாம். பருத்தி உறையை எடுத்துவிட்டு வழவழப்பான துணி உறை போட்டு இரண்டு வாரம் பாருங்கள். அங்கே மட்டும் ஈரச் சோதனை செய்து, முடி நீண்டு அறுகிறதா, நீளாமல் ஒடிகிறதா என்று எழுதுங்கள்.